ரத்தம் வந்தால் மருந்து, வயிறு உப்பினால் சாப்பாடு

*வாசகர் கடிதம்:*

"டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 34, ஊர் கல்லிடைக்குறிச்சி. 3 வருடத்துக்கு முன்பு மலத்தில் ரத்தம் போனது. கோலனாஸ்கோப்பி செய்து, பெருங்குடலின் இடது பக்கம் மட்டும் உள்தோலில் அழற்சியும் புண்ணும் இருக்கிறது, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார்கள். மெசலமின் மாத்திரை தினமும் 2.4 கிராம் சாப்பிட்டேன். இரண்டு மாதத்தில் சரியானது. முழுதாகக் குணமாகிவிட்டது என்று நினைத்து 8 மாதத்துக்கு முன்பு மாத்திரையை நிறுத்திவிட்டு, பத்தியமாக இட்லி, மோர்சாதம், ரசம்சாதம் மட்டும் சாப்பிட்டு வந்தேன். 60 கிலோ இருந்த எடை 54 ஆகிவிட்டது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் மட்டன் பிரியாணி சாப்பிட்டேன். நான்காம் நாள் மறுபடி ரத்தம். இப்போது ஒரு நாளைக்கு ஐந்து முறை போகிறது, இரவிலும் ஒரு முறை எழுந்திருக்கிறேன். இரண்டு மாதமாக முழங்கால் வலிக்கு மெடிக்கல் கடையில் வாங்கி மாத்திரை போட்டுக்கொள்கிறேன். உடம்புச் சூடுதான் காரணம், பேதிக்குக் கொடுத்துக் கழுவினால் சரியாகும் என்கிறார் அம்மா. பிரியாணியால்தானே இது வந்தது? எதைச் சாப்பிட்டால் மாத்திரை இல்லாமலே இருக்கலாம்?"

*பதில்:*

தம்பி, பிரியாணியைப் பற்றிப் பிறகு பேசுவோம். இதைப் படித்தவுடன் கைக்கடிகாரத்தை எடுத்து, மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று தெர்மாமீட்டரில் பாருங்கள். இன்று காலை முதல் எத்தனை முறை போனது, எத்தனை முறை ரத்தம் இருந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே நாடி 90-க்கு மேலோ, காய்ச்சல் 100 டிகிரிக்கு மேலோ, ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழோ இருந்தால் அது கடுமையான நிலை. வீட்டில் இருந்து பார்க்கக் கூடாது. அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும். ஊசி மூலம் ஸ்டீராய்டு கொடுத்து மூன்று நாள் கூர்ந்து கவனித்தாக வேண்டும். வயிறு பானை மாதிரி உப்பி, தொட்டால் வலித்தாலும் அப்படித்தான். நீங்கள் ஐந்தில் நிற்கிறீர்கள். கோட்டுக்கு ஒரு படி இந்தப் பக்கம். அதனால்தான் எண்ணச் சொல்கிறேன். உள்ளூரில் ரத்தப் பரிசோதனை மட்டும் செய்துகொண்டு காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையில் உங்களைப் பார்த்த குடல்நோய் மருத்துவரிடம் போங்கள். அது முடியாவிட்டால் பாளையங்கோட்டையில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பஸ் பயணம்தான்.

போகும் வரை மூன்றைச் செய்யாதீர்கள். பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை வேண்டாம். வீங்கிக் கிடக்கும் குடலின் அசைவை நிறுத்தினால் அது காற்றடைத்த டியூப் மாதிரி விரிந்து ஆபத்தில் கொண்டுபோய் விடும். முழங்கால் வலிக்குப் போடும் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அம்மா சொல்கிற பேதி மருந்தும் வேண்டாம். அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: மோர், இளநீர், நுங்கு எல்லாம் கொடுக்கட்டும், நல்லதுதான். விளக்கெண்ணெயும் சோற்றுக்கற்றாழைச் சாறும் மட்டும் கூடாது. இரண்டும் குடலைத் தூண்டிக் கழியவைப்பவை. உங்கள் குடலில் கழுவி வெளியேற்ற அழுக்கு எதுவும் இல்லை. உள்தோல் உரிந்து ரத்தம் கசிகிறது. முழங்காலில் சிராய்த்த இடத்தைத் தேய்த்துக் கழுவினால் என்ன ஆகுமோ அதுதான் உள்ளேயும் ஆகும்.

மருத்துவர் முதலில் மலப் பரிசோதனை எழுதிக்கொடுப்பார். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஏற்கெனவே இந்த நோய் இருப்பவருக்கு ரத்தம் வந்தால் பழைய நோய்தான் திரும்பியிருக்கிறது என்று எல்லாரும் முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் அமீபா தொற்று நம் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்குக் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியும் வரலாம். இரண்டும் இந்த நோய் திரும்பியது போலவே தோன்றவைக்கும். அமீபா இருக்கும் குடலுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குடல் ஓட்டையாகிவிடும் அபாயம் உண்டு. போன தடவை எழுதிக்கொடுத்த பழைய சீட்டை மெடிக்கல் கடையில் நீட்டி ஸ்டீராய்டு வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று நான் ஒவ்வொருவரிடமும் மன்றாடுவது இதனால்தான்.

தொற்று இல்லை என்று தெரிந்தால், உங்கள் நிலைக்கு வழக்கமான மருத்துவம் மெசலமினை மறுபடி தொடங்குவது. ரத்தம் போகும் காலத்தில் அளவைக் கூட்டி, 4.8 கிராம் வரை கொடுப்பதுண்டு. கூடவே இரவில் மெசலமின் எனிமாவும் தருவார்கள். எனிமா என்றாலே நம் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். வேண்டாம் என்று சீட்டிலிருந்து அதை மட்டும் விட்டுவிட்டு மாத்திரையை வாங்கிப் போகிறவர்கள் பாதிப்பேர். உங்கள் விஷயத்தில் அது பெரிய இழப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

மெசலமின் ரத்தத்தில் கலந்து வேலை செய்யும் மருந்து அல்ல. புண்ணைத் தொட்டு வேலை செய்கிற மருந்து. தோல்புண்ணுக்குக் களிம்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் மேல் பூச்சு இருக்கிறது. அது இரைப்பையிலும் மேல்குடலிலும் கரையாமல், சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு வந்த பிறகே கரையும். அங்கிருந்து மருந்து பெருங்குடல் வழியாக நெடுந்தூரம் நடந்து வர வேண்டும். பேதியாகும்போது எல்லாமே வேகமாக ஓடுவதால், கடைசியில் இருக்கும் இடது பக்கத்துக்கும் மலக்குடலுக்கும் போதுமான மருந்து வந்து சேர்வதில்லை. உங்கள் புண் இருப்பதோ அங்கேதான். எனிமா பின்வாசல் வழியாக நேரே அந்த இடத்துக்குப் போய்விடுகிறது. மாத்திரையும் எனிமாவும் சேர்த்துக் கொடுத்தால் மாத்திரையை மட்டும் கொடுப்பதைவிட விரைவாக ரத்தம் நிற்கிறது. அந்தப் பூச்சுக்காகவே மாத்திரையை உடைத்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. மாத்திரை கரையாமல் முழுதாக மலத்தில் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு வகை மாற்றித் தருவார்.

எனிமா போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் யாரும் சொல்லித்தருவதில்லை. இரவு சாப்பிட்டுப் படுக்கும் முன் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். பாட்டிலைக் கைச்சூட்டில் பத்து நிமிடம் வைத்திருங்கள். குளிர்ந்து இருந்தால் குடல் உடனே வெளியே தள்ளிவிடும். நன்றாகக் குலுக்கி, முனையில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, இடது பக்கமாகப் படுத்து, வலது முழங்காலை மடக்கி, மெதுவாகச் செலுத்துங்கள். 60 மில்லியையும் ஒரே அழுத்தாக அழுத்தாமல் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் அதே பக்கம் படுத்திருங்கள். பிறகு தூங்கிவிடலாம். முதல் இரண்டு மூன்று நாள் மருந்து தங்காமல் வெளியே வந்துவிடும். வீக்கம் இருக்கும் மலக்குடல் எதையும் தாங்காது. அது மருந்தின் தோல்வி அல்ல. நான்காம் நாள், ஐந்தாம் நாள் என்று தங்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். அப்படிக் கூடுவதே புண் ஆறுவதற்கு முதல் அடையாளம்.

10 முதல் 14 நாளுக்குள் ரத்தம் குறைந்து நிற்க வேண்டும். குறையாவிட்டால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குவார்கள். பெரும்பாலும் 40 மில்லிகிராமில் தொடங்கி, வாரம் 5 மில்லிகிராம் வீதம் குறைத்து, எட்டு வாரத்தில் முடிப்பார்கள். ரத்தம் நின்ற அன்றே அதை நிறுத்திவிடக் கூடாது.

இனி பிரியாணி.

அதை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். பிரியாணி சாப்பிட்டது போன மாதம். மாத்திரையை நிறுத்தியது 8 மாதத்துக்கு முன்பு. வலி மாத்திரை தொடங்கியது 2 மாதத்துக்கு முன்பு. மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மெசலமினை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம், ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல் என்று 2003-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மருந்தை நிறுத்திய மறுநாளே ரத்தம் வந்திருந்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள். இந்த நோய் அப்படிச் செய்வதில்லை. நாலைந்து மாதம் சும்மா இருக்கும். உள்தோல் மெல்லமெல்லச் சிவக்கும், வெளியே எதுவும் தெரியாது. அந்தச் சமயத்தில் நீங்கள் சாப்பிட்ட வலி மாத்திரை எரிகிற விறகில் எண்ணெய் ஊற்றியிருக்கலாம். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்று வரும் மாத்திரைகள் எல்லாம் இந்த வகைதான். சிலருக்கு இவை அடங்கியிருந்த கொலைட்டிஸைக் கிளப்பிவிடுகின்றன. அட்டையில் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் பாரசிட்டமாலோடு சேர்த்தே இருக்கும், அதனால் "வெறும் காய்ச்சல் மாத்திரைதானே" என்று ஏமாந்துவிடுவோம். தனிப் பாரசிட்டமால் பரவாயில்லை.

அந்த முழங்கால் வலியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குடல் கொதிக்கும்போது மூட்டுகளும் சேர்ந்து வீங்குவது இதே நோயின் ஒரு முகம். குடல் அடங்கினால் அந்த வலியும் பெரும்பாலும் அடங்கும். சல்ஃபசலசின் என்ற பழைய மருந்து ஒன்று உண்டு. மெசலமினின் தாய் மருந்து அது. குடலுக்கும் மூட்டுக்கும் சேர்த்து உதவும், விலையும் குறைவு. நீங்கள் மாத்திரையை நிறுத்தியதற்குப் பணமும் ஒரு காரணமாக இருந்து, எழுதக் கூச்சப்பட்டிருந்தால், இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அதோடு ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும், நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். குழந்தைக்குத் திட்டமிடுகிறவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அப்படியானால் சாப்பாட்டுக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. ஆனால் நீங்கள் கொடுத்திருக்கும் வேலை அதனுடையது அல்ல. புண்ணை ஆற்றுவது மருந்து. ஆறிய இடத்தில் நல்ல தோல் வளரவும், உடம்பு இழந்ததைத் திரும்பப் பெறவும், வயிற்று உபத்திரவம் குறையவும் உதவுவது சாப்பாடு. அதிலும் ரத்தம் போகும்போது சாப்பிட வேண்டியது வேறு, நின்ற பிறகு சாப்பிட வேண்டியது வேறு. நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு, நோய்க்காலச் சாப்பாட்டை ஆயுள் பத்தியமாக்கிக்கொள்வது. உங்களுக்கு 6 கிலோ குறைந்ததற்கு நோய் மட்டும் காரணம் அல்ல என்பது என் எண்ணம்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ரத்தம் போகும் காலத்தில் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 54 கிலோவுக்கு 65 முதல் 80 கிராம். நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டில் நாள் முழுக்க 300 கிராம் அரிசி என்றால் அதில் 20 கிராம் கிடைக்கும். இட்லியில் இருக்கும் உளுந்தில் ஓர் ஏழு கிராம். நீர்மோரில் மூன்று, நான்கு. மொத்தம் 30-ஐத் தாண்டினால் பெரிது. அதாவது தேவையில் பாதிகூட இல்லை. குடல் வழியாக ரத்தமும் புரதமும் கசிந்துகொண்டிருக்கும் மனிதருக்கு வெறும் ரசம்சாதம் பத்தியம் அல்ல, பட்டினி.

இதே கணக்கைச் சரிசெய்வதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. காலையில் இட்லியோடு இரண்டு அவித்த முட்டை, 12 கிராம். மதியம் குழைந்த சோற்றோடு முள்ளெடுத்த மீன் 150 கிராம், காரம் குறைத்த குழம்பிலோ ஆவியில் வேகவைத்தோ, ஏறக்குறைய 28 கிராம். மோரைக் கெட்டித் தயிராக்கி இரண்டு கிண்ணம், 12 கிராம். இரவு இடியாப்பத்துக்குத் தோல் நீக்கிய பாசிப்பருப்பைக் கடைந்து விடலாம். சைவமாக இருந்தால் மீனுக்குப் பதில் பனீரும் பருப்பும். காய்களில் சுரைக்காய், புடலை, வெள்ளைப்பூசணி, காரட் ஆகியவற்றைத் தோலும் விதையும் நீக்கிக் குழைய வேகவையுங்கள். வாழைக்காயும் வாழைப்பழமும் தாராளமாக. ரத்தம் நிற்கும் வரை பச்சைக் காய்கறி, கொண்டைக்கடலை, சோளப்பொரி, தோலோடு பழங்கள், வறுத்த மிளகாய் இவற்றை ஒதுக்கிவையுங்கள். இவை புண்ணை உண்டாக்கும் என்பதற்காக அல்ல. வீங்கிய குடலில் இவை உரசும்போது வலியும் அவசரமும் கூடும், அவ்வளவுதான்.

ரத்தம் நின்று இரண்டு மூன்று வாரம் ஆன பிறகு ஒரு திருப்பம் வேண்டும். ஒதுக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நார்ச்சத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இது: பெருங்குடலின் உள்தோல் செல்கள் தங்கள் சக்தியை ரத்தத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. நார்ச்சத்தைக் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கும்போது பியூட்டிரேட் என்ற ஒரு பொருள் உருவாகிறது. அதுதான் அந்தச் செல்களுக்கு முக்கியமான சாப்பாடு. நார்ச்சத்தே இல்லாமல் வருடக்கணக்கில் இருந்தால் ஆறிய தோலைப் பட்டினி போடுகிறோம்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் வெந்த காய்களைத் தோலோடு. அடுத்து பருப்பு வகை, துவரம்பருப்பிலிருந்து தொடங்கி. பிறகு கீரை, நன்றாக மசித்து. அதன் பிறகு கொய்யா, மாம்பழம் மாதிரிப் பழங்கள். கடைசியில் வெங்காயப் பச்சடி, வெள்ளரி மாதிரிப் பச்சைக் காய்கள். மூன்று நாளைக்கு ஒரு புதுப் பொருள் மட்டும். அதைக் குறித்துவைத்து, மலம் எத்தனை முறை, வயிறு எப்படி என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரே நாளில் கூட்டாஞ்சோறு சாப்பிட்டால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது. இரண்டு மாதத்தில் நீங்கள் அந்தக் கூட்டாஞ்சோற்றுக்கே வந்துவிடலாம். முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், பருப்பு எல்லாம் ஒன்றாகக் குழைந்து வேகும் அந்தச் சோறு, அடங்கிய கொலைட்டிஸுக்கு எந்தப் புத்தகத்துப் பத்தியத்தைவிடவும் நல்லது என்பேன். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அப்படித்தான். சொதியில் தேங்காய்ப்பால் கெட்டியாக இருக்கும். முதல் தடவை இரண்டு கரண்டியோடு நிறுத்திப் பாருங்கள்.

குறைக்க வேண்டியதும் உண்டு. ஆட்டிறைச்சி மாதிரிச் சிவப்பு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் மதுவும் அதிகமாக எடுத்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பியதை 2004-இல் வந்த ஓர் ஆங்கிலேய ஆய்வு கண்டது. அதனால் மட்டனை வாராவாரம் என்பதிலிருந்து எப்போதாவது என்று மாற்றிக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டுப் பிரியாணி எப்போதாவது என்பதில் சேரும். மதுவை விட்டுவிடுங்கள். பாக்கெட் தின்பண்டங்களும் பாட்டில் பானங்களும் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மஞ்சளைப் பற்றியும் நீங்கள் யோசித்திருப்பீர்கள், என்னிடம் வருகிற எல்லாரும் கேட்கிறார்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமினைத் தினமும் 2 கிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்த ஜப்பானிய ஆய்வு ஒன்றில் நோய் திரும்புவது குறைந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் எல்லாரும் மெசலமின் அல்லது சல்ஃபசலசினோடு சேர்த்தே அதைச் சாப்பிட்டார்கள். மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றில் மூன்று பங்கு அளவுதான். 2 கிராம் கிடைக்க 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் தின்ன வேண்டும். குழம்பில் போடும் மஞ்சளைப் போட்டுக்கொண்டே இருங்கள். மிளகுச்சாறு சேர்த்த வீரியமான கேப்ஸூல்களைக் கேட்காமல் வாங்காதீர்கள், சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது.

நான் இந்தப் பதிலில் எதையாவது நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால், ஒரு பெண்மணியின் கதையைத்தான் சொல்வேன். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவர், 42 வயது. உங்களைப் போலவே இடது பக்கக் கொலைட்டிஸ். மாத்திரையும் எனிமாவும் போட்டு ரத்தம் நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் கவலையோடு வந்தார். தினமும் நான்கு முறை இளகிப்போகிறது, வயிறு உப்பிக்கொள்கிறது, கடகடவென்று சத்தம், அதனால் வீட்டில் மிச்சம் இருந்த ஸ்டீராய்டைப் பத்து நாளாகத் தானே போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். குறையவில்லை என்றார். மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்றேன், இல்லை. சளி? இல்லை. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? இல்லை, எல்லாம் பகலில்தான். எடை குறையவில்லை. வலி மாத்திரையும் சாப்பிடவில்லை.

கால்புரொடெக்டின் என்று ஒரு மலப் பரிசோதனை இருக்கிறது. குடலில் அழற்சி இருந்தால் அங்கே வந்து குவியும் வெள்ளை அணுக்களிலிருந்து கசியும் ஒரு புரதத்தை அளப்பது. ஒரு கிராம் மலத்துக்கு 150 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்து, ரத்தமும் இல்லை என்றால் குடல் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. 250-க்கு மேல் என்றால் கவலைப்பட வேண்டும். இடையில் இருந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்போம். அவருக்கு 60 வந்தது. ஸ்டீராய்டு அந்த எண்ணைக் குறைத்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு, அதைப் படிப்படியாக நிறுத்தி ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்தோம். அப்போதும் கிட்டத்தட்ட அதேதான்.

குடல் அமைதியாக இருக்கிறது, வயிறு மட்டும் கலங்குகிறது. பிறகு அவர் நாளைச் சொல்லச் சொன்னேன். காலை ஐந்து மணிக்கு ஒரு பால் டீ. இலை வெட்டும்போது ஒன்று. பத்து மணிக்கு ஒன்று. தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே மதியத்துக்கு மேல் இரண்டு. கடையில் பீடியைக் கொடுத்துவிட்டு வரும்போது ஒன்று. ஆறு டம்ளர் பால் டீ. நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைவு. குடல் நோயே இல்லாதவருக்கும் அத்தனை பால் டீ வயிற்றை உப்பவைக்கலாம். டீயைக் காலையில் ஒன்றாகக் குறைத்து, மற்ற நேரத்துக்குப் பால் சேர்க்காத சுக்குக் கருப்பட்டிக் காப்பி என்று மாற்றினார். பாலில் கிடைத்த கால்சியம் போய்விடக் கூடாது என்பதற்காகத் தயிரைக் கூட்டினோம். தயிரில் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் அது பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். பத்து நாளில் வயிறு அடங்கியது. அவருக்குத் தேவைப்பட்டது சாப்பாட்டு மாற்றம். அவர் போட்டுக்கொண்டது ஸ்டீராய்டு.

உங்களுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். ரத்தம் வருகிறது, இரவில் எழுப்புகிறது, எடை குறைகிறது. இது குடல் கொதிக்கிறது என்பதன் அடையாளம். தேவை மருந்து. நீங்கள் கையில் எடுத்தது சாப்பாடு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்த நோயோடு பாதிப் போராட்டம் தீர்ந்துவிடும். ரத்தம், சளி, இரவில் எழுப்பும் அவசரம், காய்ச்சல், எடை இழப்பு, இவற்றில் எது வந்தாலும் மருத்துவர். உப்பல், காற்று, சத்தம், ரத்தமில்லாத இளகல், பகலில் மட்டும், இவை என்றால் நோட்டைத் திறந்து முந்தைய மூன்று நாள் சாப்பாட்டைப் பாருங்கள். இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் கால்புரொடெக்டின்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மாத்திரை இல்லாமல் இருக்க வைக்கும் சாப்பாடு என்று எதையும் என்னால் எழுதிக்கொடுக்க முடியாது. சாப்பாட்டை முறையாகச் சோதித்த நல்ல ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமானவரின் மல நுண்ணுயிர்களைக் குடலில் செலுத்தி, கூடவே அழற்சியைக் குறைக்கும் உணவையும் கொடுத்ததில் நல்ல பலன் இருந்தது. அது மருத்துவர்களின் நேர்பார்வையில் நடந்த சிகிச்சை. வீட்டில் நாமே மாத்திரையை நிறுத்திவிட்டு மோர்சாதம் சாப்பிடுவதற்கு அது சாட்சி ஆகாது.

ரத்தம் நின்ற பிறகு மெசலமினைத் தினமும் 2 கிராமுக்குக் குறையாமல் தொடர்வதுதான் வழக்கம். உங்கள் பழைய 2.4 கிராம் அதற்குப் போதும். மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டியிருந்ததால் விட்டுப்போயிருந்தால், மொத்தத்தையும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வேளையாகச் சாப்பிடலாமா என்று கேளுங்கள். பலன் குறைவதில்லை என்பது உறுதியாகியிருக்கிறது, மறதி குறைகிறது. பல் துலக்கும் பிரஷ் இருக்கும் இடத்திலேயே அட்டையை வையுங்கள். அபூர்வமாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து என்பதால் வருடத்துக்கு ஒருமுறையாவது கிரியேட்டினின் பாருங்கள். நோய் தொடங்கி எட்டாவது வருடத்தில், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், புற்றுநோய் மாற்றம் உண்டா என்று பார்க்கக் கோலனாஸ்கோப்பி வேண்டும். உங்களுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வருடத்தை இப்போதே எழுதிவையுங்கள்.

நாளை போகும்போது பழைய கோலனாஸ்கோப்பி அறிக்கை, இன்று எண்ணிய நாடிக் கணக்கு, வலி மாத்திரையின் காலி அட்டை, மூன்றையும் எடுத்துப்போங்கள். ஹீமோகுளோபினோடு இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் போகும் நேரத்தில் இரும்பு மாத்திரை வயிற்றைக் கலக்கும், பல சமயம் ஊசி வழியாக ஏற்றுவார்கள், தயங்காதீர்கள். முடிந்தால் அம்மாவையும் உடன் அழைத்துப் போங்கள். சமைத்துப் போடுகிறவர் அவர்தான், மீனும் முட்டையும் எவ்வளவு என்று மருத்துவர் வாயால் அவரும் கேட்கட்டும்.